முதுகில் வந்தது பரு இல்லை

தாடையில் வந்த நாலு பருவுக்கு மருந்து சாப்பிடப் போய், முதுகு நிறைய வாங்கிக்கொண்டு வந்தவள் நான்.

திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. எங்களுக்குச் சீருடைப் புடவை உண்டு, சுத்த பாலியஸ்டர். பிளவுஸுக்கு உள்ளே லைனிங் வேறு. இடுப்புவரை தொங்கும் பின்னல். தேங்காய் எண்ணெய் தடவாமல் ஒருநாளும் தலை வாரியதில்லை. பின்னல் முதுகில் உரசி, சாயங்காலம் பார்த்தால் பிளவுஸின் பின்பக்கம் எண்ணெய்க் கறை படிந்திருக்கும்.

போன வருஷம் பிப்ரவரியில் தாடைப் பருவுக்காக வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் காட்டினேன். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மில்லிகிராம், தினம் ஒன்று, ஆறு வாரம். வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கக் காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல். தாடை அழகாக ஆறியது. நான்காவது வாரம் தோள்பட்டைக்குக் கீழே அரிக்க ஆரம்பித்தது.

முதலில் வேர்க்குரு என்றே நினைத்தேன். மார்ச் மாத வெயிலில் திருச்சியில் வேறென்ன நினைப்பது? வேர்க்குரு பவுடரைக் கொட்டினோம். அம்மா பீர்க்கங்காய் நாரால் முதுகைத் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போது சொர்க்கமாக இருக்கும், அரை மணி நேரத்தில் எரியும். ஒரு வாரத்தில் கழுத்தடியிலிருந்து பிளவுஸ் முடியும் இடம்வரை பரவிவிட்டது. வீட்டுக்காரர் போனில் படம் எடுத்துக் காட்டினார். கேழ்வரகை அள்ளித் தெளித்த மாதிரி, எல்லாம் ஒரே அளவில் சிவப்புப் பொரிகள். சிலவற்றின் தலையில் மட்டும் வெள்ளையாகச் சீழ்.

படத்தோடு அதே கிளினிக்குக்குப் போனேன். "முகத்துல இருந்தது முதுகுக்கு இறங்கியிருக்கு" என்றார்கள். டாக்ஸிசைக்ளினை நீட்டித்து, மேலே தடவ கிளிண்டாமைசின் ஜெல் கொடுத்தார்கள். மூன்று வாரம் ஒழுங்காகத் தடவினேன். பொரிகள் மார்புக்கும் வந்தன. பத்தாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் கண்காணிப்பாளராக நின்றுகொண்டு, யாரும் பார்க்காதபோது கதவு நிலையில் முதுகைத் தேய்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் செய்ததுதான் பெரிய தப்பு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு கிரீம் வாங்கினோம். 'எல்லாத்துக்கும் கேட்கும்' என்று கொடுத்தார்கள். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றது. பத்தே நாள்தான், அப்புறம் முன்பைவிட இரண்டு மடங்காக வந்தது. அதில் குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு இருந்தது பின்னால்தான் தெரியும். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும், கூடவே அந்த இடத்துத் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கும். உள்ளே வளர்கிற பூஞ்சைக்கு அது நல்ல வசதி.

மே மாதம் அக்கா ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த டாக்டரம்மா முதுகைப் பார்க்கும் முன்பே கேட்ட கேள்வி, "அரிக்குதா, வலிக்குதா?"

"வலி இல்லைங்க டாக்டர், அரிப்புதான். வேர்த்தா உயிர் போகுது."

"ஆன்டிபயாடிக் எப்ப ஆரம்பிச்சீங்க? இது எப்ப வந்துச்சு?"

தேதிகளைச் சொன்னபோதுதான் எனக்கே வரிசை புரிந்தது. மருந்து முதலில், முதுகு பிறகு.

வெளிச்சத்தில் முதுகை நிதானமாகப் பார்த்துவிட்டு அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார். பரு என்றால் ஒரே இடத்தில் பலவகை இருக்குமாம்: கரும்புள்ளி, வெள்ளைப்புள்ளி, சின்னது, பெரியது, உள்ளே கட்டியாக நின்று வலிப்பது. என் முதுகில் கரும்புள்ளி ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்காலைச் சுற்றி. தலையில் பொடுகு உண்டா என்று கேட்டார். உண்டு. மார்பில் லேசாகத் தேமல் இருந்ததை அவரே கண்டுபிடித்தார். பொடுகு, தேமல், இந்தப் பொரி மூன்றுக்குப் பின்னாலும் இருப்பது ஒரே குடும்பம்தான்: மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. அது மயிர்க்காலுக்குள் பெருகினால் மலசீசியா ஃபாலிகுலைட்டிஸ். பழைய பெயர் பிட்டிரோஸ்போரம் ஃபாலிகுலைட்டிஸ்.

ஊசி நுனியால் இரண்டு சீழ்ப்பொரிகளைக் கிள்ளி, உள்ளே இருந்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டார்கள். அது தோல் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சை மட்டும் மிஞ்சும். கொஞ்ச நேரத்தில் நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமாகக் கொத்துக் கொத்தாக இருந்தன. சிலவற்றில் பக்கத்தில் சின்ன மொட்டு ஒட்டியிருந்தது. ஈஸ்ட் இப்படி மொட்டு விட்டுத்தான் பெருகும் என்றார். ஆனால் இந்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது என்பதையும் சொன்னார். ஆரோக்கியமான தோலிலும் இந்த ஈஸ்ட் வாழ்கிறது, அதனால் நாலைந்து தெரிந்தால் ஒன்றும் அர்த்தமில்லை. மயிர்க்காலுக்குள்ளிருந்து எடுத்ததில் இவ்வளவு இருப்பது, அரிப்பு, ஒரே மாதிரிப் பொரிகள், ஆன்டிபயாடிக்கில் கூடியது, எல்லாம் சேர்ந்துதான் முடிவு. கடைசிச் சாட்சி, பூஞ்சை மருந்துக்கு அது அடங்குகிறதா என்பது.

அப்படியானால் இத்தனை வாரம் சாப்பிட்ட மருந்து ஏன் ஒன்றும் செய்யவில்லை? டாக்ஸிசைக்ளின் பாக்டீரியாவுக்குள் புரதம் செய்கிற பட்டறையைப் பூட்டும். பூஞ்சையின் பட்டறை வேறு அமைப்பு, நம் செல்லில் இருப்பதைப் போன்றது. அந்தப் பூட்டு அங்கே சேராது. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மயிர்க்காலுக்குள் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஒரே எண்ணெய்க்குப் போட்டி போட்டுக்கொண்டு வாழ்கின்றன. பாக்டீரியாவை நான் மாத்திரை போட்டு விரட்டினேன், காலியான வீட்டில் ஈஸ்ட் குடியேறியது. ஆன்டிபயாடிக்குக்குப் பின் வரும் பரு போன்ற இந்தப் பொரிகளைப் பற்றி மருத்துவர்கள் 1969-லேயே எழுதியிருக்கிறார்களாம். 55 வருஷத்துக்கு மேல் ஆகியும் என் முதுகு வரைக்கும் சேதி வரவில்லை.

எண்ணெய் விஷயமும் அப்போதுதான் புரிந்தது. இந்த ஈஸ்ட்டுக்குத் தேவையான கொழுப்பைத் தானே செய்துகொள்ளத் தெரியாது, வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் இதை வளர்க்கும்போது மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி வளர்ப்பார்கள். நான் பின்னல் வழியாகத் தேங்காய் எண்ணெய் ஊற்றி வளர்த்திருக்கிறேன். மேலே பாலியஸ்டர் மூடி, உள்ளே வேர்வை.

இட்ராகோனசோல் 200 மில்லிகிராம், தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம், இரண்டு வாரம். பூஞ்சையின் மேல்சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு வேண்டும், இந்த மருந்து அதைச் செய்யவிடாது. பாக்டீரியாவிடம் அந்த எர்கோஸ்டெராலே இல்லை. களிம்பு மட்டும் போதாதா என்று கேட்டேன். ஈஸ்ட் மயிர்க்காலின் ஆழத்தில் இருக்கிறது, களிம்பு அவ்வளவு தூரம் சரியாக இறங்காது என்றார். மாத்திரையோ தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்து அதே மயிர்க்கால் வழியாக வருகிறது, நிறுத்திய பிறகும் சில வாரம் தோலில் தங்கும். எழுதிக் கொடுக்கும் முன் ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார், இதயக் கோளாறு உண்டா, கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறேனா, குழந்தைக்கு முயற்சி செய்கிறோமா என்றெல்லாம் கேட்டார். கர்ப்பத்தில் இது கூடாது. இதைக் கடையில் போய்ச் சும்மா வாங்கிச் சாப்பிடுகிற மருந்தாக யாரும் நினைக்க வேண்டாம்.

கூடவே கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு. தலைக்கு மட்டுமில்லை, முதுகுக்கும். ஈர முதுகில் நுரை வரத் தடவி, ஐந்து நிமிஷம் விட்டுக் கழுவ வேண்டும், ஒன்றுவிட்டு ஒருநாள். நடு முதுகுக்கு என் கை எட்டாது, வீட்டுக்காரர்தான் தடவிவிட்டார். பீர்க்கங்காய் நாருக்குத் தடை. டாக்ஸிசைக்ளின், ஜெல், அந்த கிரீம் மூன்றும் நிறுத்தம்.

ஒரு வாரம் ஆயிற்று. அரிப்பு ஏதோ கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். புதுப் பொரிகள் வருவது நிற்கவில்லை. இதுவும் போச்சு என்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் மறுபடியும் கேட்டார், "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" எதுவும் இல்லை என்றேன். "கேஸ் மாத்திரை?"

பான்டோபிரசோல்! டாக்ஸிசைக்ளினை நிறுத்திய பிறகும் அதைப் பழக்கத்தில் காலையில் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். முதல் நாள் அவர் கேட்டபோது அதை ஒரு மாத்திரையாகவே நான் கணக்கில் வைக்கவில்லை. இட்ராகோனசோல் கேப்சூல் கரைந்து உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு போடச் சொல்வதும் அதற்காகத்தான். நான் காலையிலேயே அமிலத்தை அடைத்துவிட்டு, ராத்திரி இரண்டு இட்லியோடு கேப்சூலை விழுங்கியிருக்கிறேன். விலை கொஞ்சமா அது? பாதி வீணாகப் போயிருக்கும்.

பான்டோபிரசோலை விட்டேன். கேப்சூலை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினேன். ஐந்தாம் நாள் ராத்திரி அரிப்பில் விழிக்காமல் தூங்கினேன். டாக்டரம்மா இன்னும் ஒரு வாரம் சேர்த்து மொத்தம் மூன்று வாரமாக்கினார். முடியும்போது தொட்டால் முதுகு வழவழப்பாக இருந்தது. பழுப்புத் தழும்புகள் மட்டும் தீபாவளி வரைக்கும் இருந்தன. அது நோய் இல்லை, ஆறிய இடத்தின் நிறம், மருந்தைத் தொடர வேண்டியதில்லை என்றார்.

தாடைப் பரு இரண்டு திரும்பி வந்தது. அது நிஜமான பருதான், இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம். அதற்கு ஆன்டிபயாடிக் இல்லாமல் பென்சாயில் பெராக்சைடு ஜெல்லும் அடாபலீனும் கொடுத்தார், முகத்துக்கு மட்டும்.

ஈஸ்ட்டை ஒரேயடியாக ஒழிக்க முடியாது, நம் தோலிலேயே குடியிருக்கிறது. அதனால் வாரம் ஒருமுறை ஷாம்புவை முதுகுக்குத் தொடரச் சொன்னார். ஐப்பசி மழையில் வேர்வை குறைந்ததும் விட்டுவிட்டேன். இந்த மார்ச் கடைசியில் பிளவுஸ் பட்டி அழுத்தும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு பொரிகள், அதே அளவு, அதே அரிப்பு. இந்தத் தடவை படம் எடுத்து அனுப்பினேன், கேப்சூல் வேண்டாம், ஷாம்புவை மட்டும் மூன்று வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் போடச் சொன்னார். அடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை அம்மா விடுவதாக இல்லை. ஒப்பந்தம் இதுதான்: எண்ணெய் தலைக்கு மட்டும், முதுகுக்குத் தொடக்கூடாது, குளித்து முடித்ததும் முதுகுக்கு ஐந்து நிமிஷம் ஷாம்பு. பள்ளிக்குப் போகும்போது பின்னலைக் கொண்டையாக முடிந்துகொள்கிறேன். புது பிளவுஸுக்குப் பருத்தி லைனிங் வைக்கச் சொன்னேன், டெய்லர் ஐம்பது ரூபாய் கூடக் கேட்டார்.