பிறந்தநாள் வராதவர்களின் வயது

எங்கள் கல்லூரியில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் முகாமுக்காக, 18 நிறைந்த மாணவர்களைப் பிரித்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. தகுதி நாள் 2023 ஜூலை 1. கைக்கு வந்த எக்செல் தாளில் வயதுக்கு யாரோ ஏற்கெனவே சூத்திரம் போட்டிருந்தார்கள், ஆண்டிலிருந்து ஆண்டைக் கழித்து. 2005இல் பிறந்த எல்லாருக்கும் அது 18 என்றே காட்டியது.

2005 நவம்பர் 14இல் பிறந்த மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் 2005 போனால் 18. ஆனால் ஜூலை 1 அன்று அவருடைய பிறந்தநாள் இன்னும் வரவில்லை, அதனால் ஒன்றைக் குறைக்க வேண்டும்: 17. அடுத்த தகுதி நாளான அக்டோபர் 1இலும் அதே 17தான். 2024 ஜனவரி 1க்குத்தான் அவர் தகுதி பெறுவார். அன்று கணக்கு 19 கழித்தல் 1.

நாட்களை எண்ணி 365.25ஆல் வகுத்தால் போதுமே என்றார் உடன் வேலை செய்பவர். பெரும்பாலும் சரியாகத்தான் வரும், பிறந்தநாளன்று மட்டும் காலை வாரும். 2005 ஜூலை 1இல் பிறந்தவருக்கு 2023 ஜூலை 1 அன்று 6574 நாட்கள். வகுத்தால் 17.9986, முழு எண்ணாக 17. சட்டப்படி பதினெட்டாவது பிறந்தநாள் தொடங்கும்போதே 18 நிறைந்துவிடும், ஆகவே அவரை விடக் கூடாது. கடைசியில், பிறந்த தேதி B2இல் இருக்க, தகுதி நாளை D1இல் வைத்து இதைப் போட்டேன்:

```
=DATEDIF(B2,$D$1,"Y")
```

தட்டச்சு செய்யும்போது எக்செல் இதைப் பரிந்துரையாகக் காட்டாது. முழுதாக அடித்தால் வேலை செய்யும். D1க்குப் பதில் TODAY() போட்டால் தாளைத் திறக்கும் நாளுக்கு ஏற்பப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும்.

சூத்திரம் சரியான பிறகுதான் உண்மையான தலைவலி. சில வரிசைகளில் #VALUE! என்று வந்தது. பார்த்தால் 25/11/2005 போன்ற தேதிகள் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கணினி மாதத்தை முதலில் படிக்கும் அமைப்பில் இருந்ததால், 25ஆம் மாதம் இல்லையென்று அதை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. பிழை கண்ணுக்குத் தெரிகிறதே, அது பரவாயில்லை. 05/11/2005தான் ஆபத்து. நவம்பர் 5ஐ மே 11 என்று எடுத்துக்கொண்டு, வலது ஓரத்தில் சமர்த்தாக நின்று, 17 வயதுப் பிள்ளைக்கு 18 என்று சொல்லிவிடும். வலப்பக்கம் நிற்பவற்றில் எல்லாம் நாள் எண் 12க்குள்ளேயே இருந்ததைக் கண்டதும் விஷயம் புரிந்தது.

அப்படி மாறிப்போனதை அந்தத் தாளிலேயே சரிசெய்ய முயல்வது வீண். மூல சி.எஸ்.வி. கோப்பை மறுபடி எடுத்து, உள்ளே கொண்டுவரும்போதே அந்தப் பத்தியை DMY என்று குறித்தேன். அதற்கும் பிறகு, 2005 ஜூன், ஜூலையில் பிறந்தவர்களை மட்டும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டோம்.