பிஸ்கட் டப்பாவுக்குள் இரைச்சல்: நகரியில் ரேண்டம் பிட் எடுத்த அனுபவம்

எங்கள் தெருவில் காலை முதல் இரவு வரை விசைத்தறிச் சத்தம்தான். நகரிக்காரர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. ஆனால் யாராலும் ஊகிக்க முடியாத 0, 1 வரிசையை, அதாவது ரேண்டம் பிட்டுகளை, எடுக்க நான் கட்டிய சின்ன சர்க்யூட்டுக்கு, தறிகளை ஓட்டும் அதே கரண்ட் நன்றாகவே காதில் விழுந்தது.

சர்க்யூட் எளிமையானதுதான். ஒரு பிசி547 டிரான்சிஸ்டரைத் தலைகீழாக இணைக்க வேண்டும்: எமிட்டருக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 12 வோல்ட், பேஸ் கிரவுண்டில், கலெக்டர் எதிலும் சேராமல். இப்படித் தலைகீழாக வோல்டேஜ் கொடுத்தால் ஓர் அளவுக்கு மேல் எமிட்டரும் பேஸும் சேரும் சந்திப்பு தாங்காது. என் டிரான்சிஸ்டரில் அது 8.6 வோல்ட். அங்கே வேகம் பிடித்த ஓர் எலக்ட்ரான் இன்னொன்றைத் தட்டி விடுவிக்கும், அது அடுத்ததை. ஒரு சரிவே உண்டாகும். எந்தக் கணத்தில் எந்தச் சரிவு தொடங்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்தச் சலசலப்பை இன்னொரு டிரான்சிஸ்டரால் பெருக்கி, எல்எம்393 கம்பேரேட்டருக்குக் கொடுத்தேன். சராசரிக்கு மேலே இருந்தால் 1, கீழே இருந்தால் 0. ஆர்டுயினோ அதை நொடிக்கு 1000 முறை படிக்கும்.

முதல் ஓட்டம், ஒரு லட்சம் பிட். எண்ணிப் பார்த்தால் 50,112 ஒன்றுகள். நாணயத்தைச் சுண்டினாலும் 158 அளவுக்கு முன்பின் வருவது சகஜம். அன்றைக்கு வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆனால் ஒன்றும் சுழியும் மாறி மாறி வந்தாலும் எண்ணிக்கை சரிபாதிதான் வரும். அதனால் ஒவ்வொரு பிட்டையும் அதற்கு 20 இடம் தள்ளி வரும் பிட்டோடு ஒப்பிட்டேன். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட், அதாவது என் கணக்கில் சரியாக 20 பிட்.

```
same = sum(b[i] == b[i+20] for i in range(len(b)-20))
```

50,000 வர வேண்டிய இடத்தில் 56,300. பத்து இடம் தள்ளிப் பார்த்தால் 43,800. அரைச் சுற்றில் எதிர்மாறு, முழுச் சுற்றில் அதே பக்கம். இரைச்சல் மேல் கரண்ட் ஏறி உட்கார்ந்திருக்கிறது! கணக்குப் போட்டால், ஒன்று விழும் வாய்ப்பு ஒரு சுற்றுக்குள் 25 சதவீதத்துக்கும் 75 சதவீதத்துக்கும் இடையே ஆடுகிறது.

அன்று மாலை கரண்ட் போனது. தறிகள் நின்றன, அடாப்டரும் செத்தது. சும்மா இருப்பானேன் என்று பழைய யுபிஎஸ் பேட்டரியை இணைத்து லேப்டாப் சார்ஜிலேயே ஓட்டினேன். 20 இடம் தள்ளி ஒப்பிட்ட எண் 50,000-ஐ ஒட்டி வந்தது. குற்றவாளி அடாப்டர்தான் என்று முடிவு கட்டினேன். கரண்ட் வந்தது, பேட்டரியை மாற்றவில்லை, லேப்டாப் சார்ஜரையும் செருகவில்லை. ஆனாலும் 52,100. மிச்சம் எங்கிருந்து? பெருக்கிக்குப் போன ஒரு சாண் வயர் ஆன்டெனா மாதிரி, சுவருக்குள் ஓடும் வயரிங்கின் புலத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வயரை இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டி, முழுவதையும் தகர பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைக் கிரவுண்டோடு சேர்த்தேன். பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணன் எட்டிப் பார்த்து, “என்னப்பா, ரேடியோவுக்குப் பெட்டி செய்யறியா?” என்றார். ரேடியோவே கேட்காமல் இருக்கத்தான் இந்தப் பெட்டி என்றேன்.

டப்பாவுக்குள் போன பிறகு ஒன்றுகள் 53,900 ஆகிவிட்டன. முன்பைவிட மோசம் என்று தோன்றும், ஆனால் இது நல்ல செய்தி. கம்பேரேட்டரின் எல்லை கொஞ்சம் தள்ளியிருக்கிறது, அவ்வளவே. இந்தச் சாய்வுக்கு 20 இடம் தள்ளி 50,300 வர வேண்டும், வந்தது 50,390. பிட்டுகள் ஒன்றையொன்று பார்த்து நடக்கவில்லை.

நிலையான சாய்வை நீக்க 1951-இல் கணித மேதை வான் நாய்மன் சொன்ன வழி போதும். பிட்டுகளை இரண்டிரண்டாக எடு. 01 என்றால் 0, 10 என்றால் 1, மற்ற இரண்டையும் தூக்கிப் போடு. 01-க்கும் 10-க்கும் வாய்ப்பு ஒன்றே என்பதால் சாய்வு அடிபட்டுப் போகும். 50,000 ஜோடியில் 24,790 பிட் தேறியது; அதில் 12,442 ஒன்றுகள்.

இதை முதல் நாளே செய்திருந்தால் ஏமாந்திருப்பேன். ஜோடிகள் ஏறுக்குமாறாகக் கழிவதால் அந்த 20 பிட் தாளம் சிதறி, என் சோதனையில் மங்கிப் போயிருக்கும். கரண்டின் கை மட்டும் உள்ளேயே இருந்திருக்கும். பிட்டுகளை அடையாளம் தெரியாமல் கலக்கிவிடும் எஸ்ஹெச்ஏ-256-இல் போட்டால் சுத்தமாகவே தெரியாது. அதனால் இப்போதெல்லாம் பச்சைப் பிட்டைத்தான் முதலில் சோதிக்கிறேன்.

கடைசியாக ஒரு காவலும் போட்டேன்: ஒரே பிட் தொடர்ந்து 41 முறை வந்தால் ஓட்டம் நிற்க வேண்டும். நல்ல இரைச்சலில் அது லட்சம் கோடியில் ஒரு தடவை என்கிற அளவுக்கு அபூர்வம். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் காலையில் நின்றிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரி 8.1 வோல்ட், சரிவு தொடங்க வேண்டிய 8.6-க்கும் கீழே.