ரிம்முக்கு வளையம் ஒட்டினேன், நாலு மாதத்தில் தெரிந்தது

செகண்ட் ஹேண்டில் வாங்கிய செடான், டயர் 225/45 R17. அதாவது ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு கையகல ரப்பர்தான், 225-ல் 45 சதவீதம் என்று கணக்குப் போட்டால் 101 மில்லிமீட்டர். முந்தைய ஓனர் இடப்பக்க ரிம் இரண்டையும் பிளாட்பாரக் கல்லில் நன்றாகத் தீட்டி வைத்திருந்தார். அதற்குப் பெயின்ட் அடித்த கையோடு, மறுபடி தேயக்கூடாது என்று ரிம்மின் வெளி விளிம்பைச் சுற்றிப் பட்டையாக ஒட்டும் வகை வளையம் வாங்கினேன். டயரைக் கழற்றாமலே போடலாம், ஒரு வீலுக்கு ஒன்றரை மீட்டர் போல ஆகும்.

முதல் வீலைச் சொதப்பினேன். டயர் பாலிஷின் சிலிக்கான் ரிம் விளிம்பில் இருந்திருக்கிறது, சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவிவிட்டு ஒட்டினேன், ரெண்டே நாளில் கிளம்பி வந்துவிட்டது. அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் போட்டுத் துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்தேன். இன்னொரு தப்பு, வளைவுக்குப் படியட்டும் என்று இழுத்து இழுத்து ஒட்டியது. இழுத்த பட்டை வெயிலில் சுருங்கி, இரண்டு முனையும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுவிட்டது. இழுக்காமல் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போய், ஒரு நாள் முழுக்க வண்டியை எடுக்காமல் விட்டபின்தான் சரியாக நின்றது. வெளி விளிம்பில் மாட்டியிருந்த பேலன்சிங் எடைகளையும் கடையில் உள்பக்கம் ஒட்டும் எடையாக மாற்றிக்கொண்டேன், இல்லாவிட்டால் பட்டை அந்த இடத்தில் மேடாக நிற்கும்.

மூன்றாவது வாரம் வேளச்சேரியில் பார்க் செய்யும்போது 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் வளையத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் சிராய்ப்பு, ரிம்மில் ஒன்றுமில்லை. காசு அன்றைக்கே வசூல் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் வந்தது. தண்ணீர் மூடிய பள்ளம் ஒன்றில் முன் இடது வீல் 'டங்' என்று விழுந்தது. வளையம் புதுசு போல இருந்தது, டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவு புடைப்பு! பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி உள்ளே நூலிழை அறுந்தால் இப்படித்தான் ஆகும், அதை ஒட்டவோ தைக்கவோ முடியாது, டயரை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது பேலன்சிங் மெஷினில் வீல் ஆடியது. வளைந்திருந்தது ரிம்மின் உள் விளிம்பு! வளையம் உட்கார்ந்திருப்பதோ வெளி விளிம்பில். தவறு என்மேலும் உண்டு, கதவு ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்று இருக்க 28-ல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது 16 இன்ச் ரிம்மில் 205/55 போட்டாயிற்று, முதலில் பிரேக் காலிப்பர் இடிக்கிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டுத்தான். மொத்த உயரம் ரெண்டு மில்லிமீட்டர்தான் குறைகிறது, ஸ்பீடோமீட்டரில் வித்தியாசம் தெரியவில்லை, ரப்பர் 113 மில்லிமீட்டர் கிடைக்கிறது. இதிலும் வளையம் ஒட்டியிருக்கிறேன், இடப்பக்கம் இரண்டு வீலுக்கு மட்டும்.