படுக்கும் நேரத்தை முதலில் தொடாதீர்கள்

தூக்கம் கெட்டுவிட்டது என்று உறைத்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: அன்று இரவே 10 மணிக்குப் படுத்துவிடுவது. 12 மணி வரை புரண்டுவிட்டு, "சும்மாதானே கிடக்கிறோம்" என்று மொபைலை எடுப்பதில் அது முடியும். தப்பு மன உறுதியில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 11 மணிக்குப் படுக்கைக்கு வருகிறார். 1 மணி வரை மொபைல். 1.15க்குத் தூக்கம். காலை 6.30க்கு அலாரம். ஞாயிறு மட்டும் 10 மணி வரை தூங்குகிறார். வேலை நாளில் அவருக்குக் கிடைப்பது ஐந்தேகால் மணி நேரம். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியிலேயே வந்துவிடும். கனவுத் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம். அதனால் அலாரம் வெட்டுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

இதில் எல்லோரும் கைகாட்டுவது மொபைல் திரையின் நீல ஒளியை. 2015இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில் 12 பேரைத் தங்கவைத்து, ஐந்து இரவுகள் ஐபேடிலும் ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் படிக்கச் சொன்னார்கள். ஐபேட் முழு வெளிச்சத்தில், தினமும் படுக்குமுன் 4 மணி நேரம். உடலைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் ஹார்மோனான மெலடோனின் சுரக்கத் தொடங்கும் நேரம் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. ஆக, ஒளி நிரபராதி இல்லை. ஆனால் தூக்கம் பிடிக்கக் கூடுதலாக ஆனது சராசரியாக 10 நிமிடம்தான். நம் ஆள் இழக்கும் 2 மணி நேரத்தை அந்தப் பத்து நிமிடத்தால் விளக்க முடியாது. அதைத் தின்பது அடுத்த வீடியோ, அடுத்த மெசேஜ், இன்னும் ஒரே ஒன்று. திரையை மஞ்சளாக்கினால் அந்த அடுத்த வீடியோ வராமல் போகாது.

வேடிக்கை என்னவென்றால், மொபைலுக்கு மஞ்சள் ஃபில்டர் போட்டுவிட்டு, தலைக்கு மேல் வெள்ளை எல்.இ.டி. டியூப்லைட்டை 11.30 வரை எரியவிடுகிற வீடுகள்தான் அதிகம். சாதாரண அறை வெளிச்சமே மெலடோனினைத் தாமதப்படுத்தப் போதும்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது சார்ஜர் இருக்கும் இடம். படுக்கையறை ப்ளக்கில் இருந்து கழற்றி ஹாலுக்கோ சமையலறைக்கோ கொண்டுபோங்கள். இரவு 11 மணிக்கு மொபைல் அங்கே போய்விட வேண்டும். தலையணையில் இருந்து கைக்கு எட்டும் இடத்தில் மொபைல் இருக்கும்வரை, "பார்க்கமாட்டேன்" என்ற தீர்மானம் நடுராத்திரி விழிப்பில் கரைந்துவிடும். எழுந்து நடந்து போக வேண்டுமென்றால் பாதி நேரம் சோம்பலே காப்பாற்றும்.

இந்த ஏற்பாடு பொதுவாக இரண்டாவது நாளே இடறும், அதுவும் மூன்று காரணங்களால். ஒன்று, அலாரம். சாதாரண மேஜைக் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அல்லது மொபைல் அலாரத்தையே சத்தமாக வைத்து, ஹாலிலேயே விட்டுவிடலாம். அணைக்க எழுந்து நடக்க வேண்டியிருக்கும், அது நல்லதுதான். இரண்டு, "ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள், ராத்திரி போன் வந்தால்?" என்ற கவலை. Do Not Disturb அமைப்பில் குறிப்பிட்ட எண்களுக்கு மட்டும் மணி அடிக்க அனுமதி கொடுக்கலாம். ரிங்கரை முழுச் சத்தத்தில் வைத்து, படுக்கையில் இருந்து கேட்கிறதா என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். மூன்று, பக்கத்தில் படுப்பவரின் மொபைல். இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு எதுவும் கிடையாது. பேசித்தான் ஆகவேண்டும்.

அதே நாளில் மாற்ற வேண்டிய இன்னொன்று, எழும் நேரம். ஏழு நாளும் 6.30, ஞாயிறும் சேர்த்து. இந்த ஞாயிறுதான் பலருக்கு வலிக்கிறது. நம் ஆளின் கணக்கையே எடுங்கள். வேலை நாளில் 6.30க்கு எழுந்து 1.15 வரை விழித்திருக்கிறார், பதினெட்டே முக்கால் மணி நேரம். ஞாயிறு 10 மணிக்கு எழுந்து இரவு 11க்குப் படுத்தால், விழித்திருந்தது 13 மணி நேரம்தான். தூக்கம் வருவதற்குத் தேவையான களைப்பே சேரவில்லை. திங்கட்கிழமைக் கடுப்புக்கு அலுவலகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

எழுந்ததும் 20, 30 நிமிடம் மொட்டை மாடியிலோ தெருவிலோ நிற்பது உடல் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். ஜன்னல் ஓரம் அதற்கு ஈடாகாது, வெளி வெளிச்சம் அறையைவிடப் பல மடங்கு. பகல் வெளிச்சத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. ஸ்வீடனின் உப்சாலாவில் 2016இல் வெளியான ஆய்வில், பகலில் ஆறரை மணி நேரம் பிரகாசமான ஒளியில் இருந்தவர்களுக்கு, இரவில் 2 மணி நேரம் டேப்லெட்டில் படித்தும் மெலடோனினில் வித்தியாசம் தெரியவில்லை.

முதல் வாரம் படுக்கும் நேரம் 12.30. ஆமாம், அவ்வளவு தாமதம்தான். வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் உடல் கடிகாரம் நம்மை மிக விழிப்பாக வைத்திருக்கும் நேரம். 1.15க்குப் பழகியவர் 10.30க்குப் படுத்தால் அந்த விழிப்பின் நடுவில் போய் மோதுகிறார். பிறகு படுக்கை என்றாலே புரளும் இடம் என்று மனசு பழகிவிடும். எனவே 11 முதல் 12.30 வரை, ஒரு சின்ன மஞ்சள் விளக்கில் ஹாலில் உட்கார்ந்திருங்கள். துணி மடிக்கலாம், நாளைக்குப் பருப்பு ஊறப்போடலாம், வாரப் பத்திரிகை புரட்டலாம். விறுவிறுப்பான நாவல் வேண்டாம், அதுவும் மொபைல் வேலையைத்தான் செய்யும்.

முதல் மூன்று நாள் மோசமாகத்தான் இருக்கும். படுத்து ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மறுபடி ஹாலுக்கு வந்துவிடுங்கள். நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காமல் உத்தேசமாக எடுத்துக்கொள்ளுங்கள். கண் செருகும்போது திரும்பப் போகலாம். மதியம் தூக்கம் தள்ளும். 3 மணிக்கு முன், 20 நிமிடத்துக்கு மேல் போகாத குட்டித் தூக்கம் போதும். காபியை மதியம் 2 மணியோடு நிறுத்துங்கள். காஃபினில் பாதி கரையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். இந்த நாட்களில் நீண்ட தூரம் வண்டி ஓட்டாதீர்கள்.

நாலைந்து நாளில் களைப்பு சேரத் தொடங்கும். தொடர்ந்து மூன்று இரவு, படுத்த 20 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். 12.30 இல் இருந்து 12.15. மறுபடி மூன்று இரவு பார்த்துவிட்டு 12.00. எங்கும் தடங்காமல் போனால், 11 மணியைத் தொட ஆறு தடவை நகர்த்த வேண்டும், முதல் வாரம் போக இன்னும் இரண்டரை வாரம் பிடிக்கும். நேரம் முன்னே வர வர, மொபைல் ஹாலுக்குப் போகும் நேரத்தையும் அதைவிடக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படியில் தூக்கம் வர மறுபடி அரைமணி ஆனால், முந்தைய படிக்குத் திரும்பி மூன்று நாள் இருங்கள்.

தலைமாட்டில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். மொபைலை வைத்த நேரம், எழுந்த நேரம், இரண்டு எண்கள் மட்டும் காலையில் எழுதுங்கள். ஸ்மார்ட் வாட்ச் தரும் தூக்க மதிப்பெண்ணை இந்த ஒரு மாதம் பார்க்காமலே இருக்கலாம். அது 62 என்று காட்டினால், நன்றாகத் தூங்கியவர்கூட அன்றைக்குச் சோர்வாகத்தான் நடமாடுவார்.

இரவு ஷிப்ட் மாறி மாறி வருகிறவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. குறட்டை நடுவில் மூச்சு நின்று திணறுவதை வீட்டார் கவனித்திருந்தாலோ, வாரத்தில் மூன்று இரவாவது தூக்கமில்லாமல் மூன்று மாதம் ஓடியிருந்தாலோ, சார்ஜரை மாற்றுவதோடு நிற்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கல்யாண வீடு, இரவு மேட்ச் என்று ஒருநாள் 2 மணி ஆகும். மறுநாளும் 6.30க்கே எழுந்து, மதியம் அந்த 20 நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு வழக்கத்தைவிட முன்னதாகப் படுக்க வேண்டாம்.