எங்க வீட்லயும் தண்ணி வந்துச்சு

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரைய கடந்துச்சு. அதுக்கடுத்த வாரம் முழுக்க எங்க கடை வாட்ஸப்ல ஒரே கேள்விதான், "என் விளக்கு எப்ப வரும்?" டிசம்பர் 13 கார்த்திகை தீபம், நாங்க அனுப்புறது களிமண் அகல், கூரியரோ ஊரத் தாண்டல.

முதல் நாலஞ்சு பேருக்கு நானே டைப் பண்ணேன். ஒரு அம்மாவுக்கு "எங்க வீட்டுக்குள்ளயும் முழங்கால் அளவு தண்ணிங்க, உங்க தவிப்பு புரியுது"ன்னு எழுதுனேன். நெசந்தான், பீரோ அடித்தட்டு துணியெல்லாம் அன்னைக்கு கடையிலதான் காஞ்சுட்டு இருந்துச்சு. அவங்க உடனே "பத்திரமா இருங்க, மெதுவா வரட்டும்"னாங்க. நான் எழுதுனத அப்படியே, ஒரு அழுத்துல போற மாதிரி, குவிக் ரிப்ளைல `/late`னு சேவ் பண்ணிட்டேன்.

கோயம்புத்தூர்க்காரங்க ஒருத்தங்களுக்கு அஞ்சாந்தேதி நான் அதத்தான் அனுப்புனேன். எட்டாந்தேதி திரும்ப கேட்டாங்க, கூட வேல பாக்குற தம்பி அதே `/late` அழுத்திட்டான், கீழ அவன் பேரு. அவன் வீடு கடலூர்ல ரெண்டாவது மாடி. அவங்க எழுதுனாங்க, "ரெண்டு பேரு வீட்லயும் ஒரே முழங்கால் அளவாங்க?"

நான் பொய் சொல்லலயே. ஆனா அத அடுத்தவன் கையில குடுத்தது நான்தானே.

அன்னிக்கு ராத்திரியே மாத்துனேன். எங்களப் பத்தின வரி எதுவும் கிடையாது, அவங்க பார்சலப் பத்தி மட்டும்:

"### அம்மா, நீங்க கேட்ட ### அகல் ### தேதி பேக் ஆச்சு. இப்ப ### கூரியர் ஆபீஸ்ல இருக்கு, இப்பத்தான் பாத்தேன். 11ஆம் தேதிக்குள்ள வரலன்னா பணத்த திருப்பி அனுப்பவா, காத்திருக்கீங்களா?"

மொதல்ல வெறும் கோடுதான் போட்டிருந்தேன், ரெண்டு பேருக்கு கோடு நிரப்பாமலே போயிடுச்சு, ### இருந்தா கண்ணுல உறுத்துது. அத நிரப்பணும்னா ஆர்டரையும் டிராக்கிங்கையும் தெறந்தே ஆகணும், அதுக்காகத்தான் காலியா விட்டேன். பணம், கெடு, அடுத்து என்ன, இதெல்லாம் எல்லாருக்கும் ஒண்ணுதான், அது ரெடியா இருக்கலாம். ஆனா வருத்தத்த மட்டும் எழுதி வெக்க முடியலங்க, அது யார் சொல்றாங்களோ அவங்களோட போயிடுது.

தம்பி ஒத்துக்கல. "அக்கா, இப்ப ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம் ஆவுது, அதுக்குள்ள பத்து பேரு காத்துட்டு இருக்காங்க. பழைய மெசேஜ்ல திட்டுனவங்க கம்மி"ன்னான். அதுவும் உண்மைதான், புதுசுல "பத்திரமா இருங்க"ன்னு ஒருத்தர்கூட எழுதல, பணம் திருப்பி கேட்டவங்கதான் ஜாஸ்தி. கெடு சொன்னா கேக்கத்தானே செய்வாங்க, அதுதான் நியாயம்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். ஆனா அந்த முதல் அம்மாவுக்கு இந்த ### மெசேஜ் போயிருந்தா அப்படி ஒரு வார்த்த வந்திருக்குமா?

கோயம்புத்தூர் பார்சல் 12ஆம் தேதி சாயங்காலம் டெலிவரின்னு காட்டுச்சு. மன்னிப்பு கேட்டு நான் போட்டதுக்கு ப்ளூ டிக் மட்டும் விழுந்துச்சு. எங்க வீட்டு செவுத்துல தண்ணி நின்ன கோட்ட ஃபோட்டோ எடுத்து வெச்சிருந்தேன், அவங்களுக்கு அனுப்பலாம்னு. அது இன்னும் ஃபோன்லதான் இருக்கு.