கட்டுநாயக்காவில் இறங்கினால் பிடிப்பார்களா?

கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அமர்ந்திருக்கும் பந்தலில் ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, ஹேக் நீதிமன்றம் பிடியாணை போட்ட ஆள் கட்டுநாயக்காவில் இறங்கினால் பிடிப்பார்களா?"

பிடிக்கும் கடமை இலங்கைக்கு இல்லை என்று சொல்லவே வலித்தது. ஹேக்கில் இயங்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் நாடு இணையவில்லை. 2005இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை சூடானின் தார்பூர் பகுதியில் நடந்த மோதல் விவகாரத்தை அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பியபோதும், சூடானையும் மோதலில் ஈடுபட்ட தரப்புகளையும் மட்டுமே கட்டாயப்படுத்தியது. சாசனத்தில் சேராத ஏனைய நாடுகளிடம் ஒத்துழைக்குமாறு வலியுறுத்தியதோடு சரி.

ஜோர்தான் உறுப்பு நாடு. தார்பூர் வழக்கில் அந்த நீதிமன்றம் பிடியாணை போட்டிருந்த சூடான் அதிபர் பஷீர் 2017இல் அரபு லீக் மாநாட்டுக்கு வந்தபோது, அது அவரைக் கைதுசெய்யவில்லை. பதவியிலிருக்கும் அதிபர் என்ற விலக்குரிமை இங்கே செல்லாது, பிடித்து ஒப்படைத்திருக்க வேண்டும் என்று 2019இல் அந்த நீதிமன்றத்தின் மேன்முறையீட்டு அமர்வு தீர்ப்பளித்தது.

இணையாத நாட்டையும் தனி உடன்பாட்டின் மூலம் நீதிமன்றம் உதவிக்கு அழைக்கலாம். அதற்கும் கொழும்பு சம்மதிக்க வேண்டும், அம்மா.