மோட்டார் தண்ணீரோடு மணலும் வந்தால்

சென்னையின் கடலோரப் பகுதிகளில் மழை முடிந்த கையோடு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால், நாலடி போவதற்குள் ஊற்று கண் திறந்துவிடும். திருவான்மியூர் பக்கம் ஒரு வீட்டுக்கு ஏழடி ஆழத்தில் ஃபுட்டிங் என்ற அகலமான கான்கிரீட் அடித்தளம். மேஸ்திரி வழக்கம்போல மூலையில் குழி வெட்டி மோட்டாரை இறக்கினார். தண்ணீர் வடிந்தது. ஆனால் காலை வைத்தால் தரை புதைந்தது. மணல் அங்கங்கே உலைபோலக் கொதித்துக்கொண்டிருந்தது.

மோட்டார் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தோம். அடியில் மணல் படிந்தது. குழிக்கு வெளியே நீர்மட்டம் மேலே, உள்ளே கீழே. அந்த வித்தியாசத்தால் தண்ணீர் அடியிலிருந்து ஏறி வந்து மணலையும் தூக்குகிறது. அந்த மணல் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்தும் வரலாம்.

"இன்னொரு மோட்டார் போட்டா சரியாயிடும் சார்" என்றார் மேஸ்திரி. போட்டிருந்தால் இன்னும் வேகமாக மணல் வந்திருக்கும். இருந்ததையும் நிறுத்தி, குழியில் தண்ணீரை ஏறவிட்டோம். பிறகு குழியைச் சுற்றி மீட்டருக்கு ஒன்றாக, நுனியில் வலை வைத்த வெல்பாயிண்ட் குழாய்களை இறக்கி, வெளியிலேயே நீர்மட்டத்தைத் தாழ்த்தினோம். ஒரு வரிசைக் குழாய் ஐந்து மீட்டருக்கு மேல் உறிஞ்சாது. எங்களுக்கு அது போதும். தண்ணீர் தெளிந்தது, தரை இறுகியது. துளையிட்டு மண்ணைச் சோதித்த போர் லாக் பதிவில், மண்ணின் உறுதியைக் காட்டும் N மதிப்பு 15 அளவில் இருந்ததால் ஃபுட்டிங்கே போட்டோம்.

வேளச்சேரியில் அதே அளவு வீடு, ஆனால் ஆறு மீட்டர் வரை சேற்றுக் களிமண், N மூன்றைத் தாண்டவில்லை. களிமண்ணில் ஊற்று மெதுவாகத்தான் வரும், ஒரு சின்ன மோட்டார் போதும், அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியிலுள்ள மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு ஒரு டன் சுமை கூடிய கணக்கு. களிமண் அந்தச் சுமைக்கு மாதக்கணக்கில் அமுங்கும். மோட்டாரைக் கழற்றிப் போன பிறகுகூடப் பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் தெரியலாம்.

பைல், அதாவது ஆழத்திலுள்ள கெட்டி மண் வரை இறக்கும் கான்கிரீட் தூண், என்றாலே பெரிய கட்டடத்துக்கு என்று நினைக்கிறார்கள். மாடிக் கணக்கைவிட, அடியில் என்ன மண், அருகில் யார் வீடு என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வேளச்சேரி வீட்டுக்குப் பைல்தான் பாதுகாப்பு. பைலுக்குத் துளை போடும்போது பென்டோனைட் என்ற களிமண் கரைசல் துளையின் சுவரைத் தாங்கும். துளையின் அடிவரை இறக்கிய டிரெமி குழாய் வழியாக ஊற்றும் கான்கிரீட் அடியிலிருந்து ஏறி அந்தக் கரைசலை வெளியே தள்ளும். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் சேறு புகுந்து பைல் துண்டாகும். நீர் இறைக்கும் வேலை, பைல்களின் தலையில் பைல் கேப் என்ற கான்கிரீட் மூடி போடும் ஆழமில்லாத குழிக்கு மட்டும்தான்.

தரைக்கடியில் சம்ப் தொட்டி இருந்தால் இன்னொரு கவலை. தொட்டியின் அடிமட்டத்துக்கு மேல் நீர் ஒரு மீட்டர் ஏறினால், அதே ஒரு டன் இப்போது கீழிருந்து தள்ளும். இருபது சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு அரை டன்தான். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் மண் மூடிய பிறகே மோட்டாரை நிறுத்தச் சொன்னேன்.